பள்ளிக்கூட லேப்டாப்புக்கு வீட்டுக் கடிவாளம்: மூன்று வழிகள், ஒரு ஒப்பீடு

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காப்பிக் கோப்பையோடு நிற்கும்போது போன மாதம் ஒருவர் கேட்டார்: "போனுக்கு ஃபேமிலி லிங்க் போட்டாச்சுங்க, ஒன்பது மணிக்கு மேல அது தானா பூட்டிக்குது. ஆனா ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூப் ஓடுது. அதை என்ன பண்றது?" பக்கத்தில் நின்ற நாலு பேரும் உடனே திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதைதான்.

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே நாங்கள் பார்க்கும் பள்ளிகள் பலவற்றில் ஆறாம் வகுப்பு வந்ததும் ஆளுக்கொரு குரோம்புக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் குரோம்புக்கையும் கூகுள் பள்ளிக் கணக்கையும்தான் எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் லேப்டாப் கொடுத்த பள்ளிகளுக்குக் கடைசியில் ஒரு பத்தி உண்டு.

## முதலில், ஏன் நேர் வழி அடைபட்டிருக்கிறது

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது இரண்டு காரியம். ஒன்று, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கில் பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலைச் சேர்க்கப் பார்ப்பது. அது நடக்காது. ஃபேமிலி லிங்க் தனிப்பட்ட கூகுள் கணக்குக்கு மட்டும்தான். பள்ளிக் கணக்கின் நிர்வாகி பள்ளி. ஒரு கணக்குக்கு இரண்டு எஜமானர்களைக் கூகுள் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, பள்ளி குரோம்புக்கைத் திறந்து பிள்ளையின் ஜிமெயிலால் உள்ளே நுழையப் பார்ப்பது. பெரும்பாலும் அதுவும் நடக்காது. எந்த மின்னஞ்சல் முகவரிகள் இந்த இயந்திரத்தில் நுழையலாம் என்று பள்ளி பட்டியல் போட்டு வைத்திருக்கும். அதில் பள்ளியின் முகவரிகள் மட்டுமே இருக்கும். "அழித்துப் புதிதாக அமைத்துக்கொள்ளலாமே" என்று பவர்வாஷ் செய்து பார்ப்பவர்களும் உண்டு. இயந்திரத்தின் பதிவு கூகுளிடம் பள்ளியின் பெயரில் இருப்பதால், அழித்துவிட்டு இணையத்தோடு இணைத்த மறு நிமிடமே அது பழையபடி பள்ளியிடம் போய்ச் சேர்ந்துவிடும். லேப்டாப்பும் நம் சொத்து இல்லை. அந்த வேலையே வேண்டாம்.

நிலைமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பிள்ளை உள்ளே நுழைந்த பிறகு முகவரிப் பட்டையில் இதை அடித்துப் பாருங்கள்:

```
chrome://management
chrome://policy
```

முதலாவது இந்த இயந்திரத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று சொல்லும். இரண்டாவது பள்ளி போட்டிருக்கும் விதிகளை வரிசையாகக் காட்டும். சில பள்ளிகள் இந்தப் பக்கத்தையே அடைத்திருப்பார்கள். அடைத்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: கயிறு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். வீட்டுப்பாடம் தடங்கல் இல்லாமல் ஓடுமா? எனக்கு என்ன தெரியும், எதை நிறுத்த முடியும்? நூலகத்திலோ நண்பன் வீட்டிலோ இருக்கும்போதும் இது வேலை செய்யுமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைச் சுற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் எடுக்கும்? பணம் ஐந்தாவது கேள்வி. ஒரே ஒரு வழியில்தான் அது பெரிதாக வரும்.

| | பள்ளியின் பெற்றோர் வசதி | வீட்டு வைஃபையில் கட்டுப்பாடு | சொந்தக் குரோம்புக் + ஃபேமிலி லிங்க் |
|---|---|---|---|
| வீட்டுப்பாடம் | தடங்கல் இல்லை | கவனமில்லாவிட்டால் தடைபடும் | பெரும்பாலும் ஓடும், பூட்டிய தேர்வுகள் ஓடாது |
| பெற்றோருக்குத் தெரிவது | பள்ளி திறந்துவிடும் அளவு | மிகக் குறைவு | நேரம், தளங்கள், செயலிகள் |
| வீட்டுக்கு வெளியே | வேலை செய்யும் | செய்யாது | வேலை செய்யும் |
| பிள்ளை தாண்டிப் போவது | கடினம் | ஹாட்ஸ்பாட் இருந்தால் போதும் | சரியாக அமைத்தால் கடினம் |
| செலவு | பெற்றோருக்கு இல்லை | பெரும்பாலும் இல்லை | இன்னொரு லேப்டாப் |

## வழி 1: லேப்டாப்பைத் தொடாமல், பள்ளியிடமே கேட்பது

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அமெரிக்காவில் 2000-இல் வந்த பிள்ளைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஈ-ரேட் எனும் இணையக் கட்டணச் சலுகை வாங்கும் பள்ளிகள் தகாத தளங்களை அடைக்கும் வடிகட்டி வைத்தாக வேண்டும். அதனால் பள்ளி லேப்டாப்பில் வடிகட்டி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பல இடங்களில் அது உலாவிக்குள்ளேயே ஒரு நீட்சியாக உட்கார்ந்திருப்பதால் வீட்டுக்கு வந்தாலும் கூடவே வரும். கோகார்டியன், செக்யூர்லி, லைட்ஸ்பீட் மூன்றும் இங்கே அடிக்கடி காதில் விழும் பெயர்கள். மூன்றிலும் பெற்றோருக்கென்று தனி வாசல் உண்டு. ஆனால் அந்த வாசலைப் பள்ளி திறந்துவிட்டால்தான் நமக்குத் தெரியும். திறந்திருந்தால் பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளை போன தளங்களைப் பார்க்கலாம், சில தளங்களை அடைக்கலாம், இணையத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். இவற்றில் எதெல்லாம் கிடைக்கும் என்பது நிறுவனத்தையும் பள்ளி கொடுத்த அனுமதியையும் பொறுத்தது.

கேட்கும்போது "என் பிள்ளை லேப்டாப்பைக் கட்டுப்படுத்த முடியுமா" என்று கேட்காதீர்கள். அதற்கு "நாங்கள் வடிகட்டி வைத்திருக்கிறோம்" என்றுதான் பதில் வரும். பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவுக்கே எழுதி, இந்த மூன்றையும் கேளுங்கள்: எந்த வடிகட்டி, அது வீட்டு வைஃபையிலும் வேலை செய்கிறதா, அதன் பெற்றோர் வசதியை என் மின்னஞ்சலுக்குத் திறந்துவிடுவீர்களா. கூடவே ஆசிரியரிடம், கூகுள் கிளாஸ்ரூமில் பெற்றோருக்குப் போகும் சுருக்க மின்னஞ்சலுக்கு உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். கொடுக்காத வேலை, வரப்போகும் வேலை இரண்டும் தினமோ வாரத்துக்கு ஒரு தடவையோ வந்துவிடும்.

இந்த வழிக்கு இன்னொரு பலமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அரட்டை அடிப்பது எங்கே தெரியுமா? கூகுள் டாக்ஸில். ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து நாலு பேரோடு பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு வண்ணத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். கீழே உள்ள இரண்டு வழிகளுக்கும் அது வீட்டுப்பாடமாகத்தான் தெரியும். பள்ளிக் கணக்குக்குள் நடப்பதைப் பார்க்கும் உரிமை பள்ளிக்கு மட்டுமே உண்டு.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், கடிவாளம் உங்கள் கையில் இல்லை. பள்ளி அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்கு மாறினால் உங்கள் அமைப்பெல்லாம் போய்விடும். படுக்கும் நேரம் என்ற கவலையே பள்ளிக்குக் கிடையாது. ஆசிரியர் யூடியூபைத் திறந்து வைத்திருக்கிறார் என்றால் இரவு பதினோரு மணிக்கும் அது திறந்தேதான் இருக்கும்.

## வழி 2: வீட்டு வைஃபையில் பிடிப்பது

லேப்டாப் யாருடையதாக இருந்தாலும் இணையம் நம் வீட்டு ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது. அங்கே இரண்டு காரியம் செய்யலாம். அவற்றுக்குள் பலன் ஒரே அளவு இல்லை.

முதலாவது நேரக் கட்டுப்பாடு. ரவுட்டர் செயலியில் பள்ளி லேப்டாப்பைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு பெயர் கொடுத்து, இரவு 9.30 முதல் காலை 6 வரை இணையம் கிடையாது என்று போட்டுவிடுவது. பதினோரு மணி யூடியூப் பிரச்சினைக்கு இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியாது. பள்ளியிடம் கேட்க வேண்டாம், லேப்டாப்பைத் தொட வேண்டாம். இரண்டு நாள் கழித்து செயலியில் பெயர் தெரியாத புது இயந்திரம் ஒன்று முளைத்திருந்தால் உஷாராகுங்கள். பிள்ளை வேறொரு கருவியை எடுத்திருக்கலாம், அல்லது லேப்டாப் தன் வைஃபை அடையாள எண்ணை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

இரண்டாவது, தள வடிகட்டல். தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர்; ரவுட்டரில் அதற்கான இடத்தில் குடும்ப வடிகட்டி ஒன்றின் எண்களைப் போடுவது. கிளவுட்ஃபிளேருடையது இது:

```
1.1.1.3
1.0.0.3
```

ஆபாசத் தளங்களையும் தீங்குநிரல் தளங்களையும் இது அடைக்கும். போட்டபின் வேலை செய்கிறதா என்று பார்க்க `nudity.testcategory.com` என்ற சோதனை முகவரி உண்டு. அது திறக்காமல் போனால் வடிகட்டி பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரத்தில், உங்கள் போனை வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

டிஎன்எஸ் வடிகட்டி ஒரு தளத்தின் பெயரை மட்டும்தான் பார்க்கும். யூடியூபில் எந்தக் காணொளி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. "சரி, யூடியூபையே அடைத்துவிடுகிறேன்" என்று அதையும் ரவுட்டரின் தடைப் பட்டியலில் சேர்த்தார் ஒரு நண்பர். மறுநாள் கிளாஸ்ரூமில் அறிவியல் ஆசிரியர் போட்டிருந்த பாடக் காணொளி கறுப்புக் கட்டமாக நின்றது, ஏனென்றால் அதுவும் யூடியூபிலிருந்துதான் வருகிறது. பிள்ளை உண்மையைத்தான் சொன்னான், அப்பா நம்பவில்லை, வீட்டில் ஒரு மணி நேரச் சண்டை. கறுப்புக் கட்டம் வந்தால் அதே பக்கத்தை உங்கள் போனின் மொபைல் இணையத்தில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் குற்றவாளி உங்கள் ரவுட்டர்தான்.

வீட்டு வாசலைத் தாண்டினால் இந்த வழி செத்துவிடும். பிள்ளையிடம் டேட்டா உள்ள போன் இருந்தால் வாசலைத் தாண்டவே வேண்டாம், ஹாட்ஸ்பாட் போதும். ஆகவே பிள்ளையின் போனை ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிற வீட்டில்தான் வழி 2 நிற்கும்.

## வழி 3: சொந்தக் குரோம்புக், ஃபேமிலி லிங்க், அதற்குள் பள்ளிக் கணக்கு

ஃபேமிலி லிங்க் பள்ளிக் கணக்கைக் கண்காணிக்காது என்று மேலே சொன்னேன். ஆனால் தலைகீழாகச் செய்யலாம். உங்களுக்குச் சொந்தமான குரோம்புக்கில் பிள்ளை தன் ஜிமெயிலால் நுழைகிறது. அது உங்கள் கண்காணிப்பில் உள்ள கணக்கு. உள்ளே போன பிறகு பள்ளிக் கணக்கை இரண்டாவது கணக்காகச் சேர்க்கிறோம். கிளாஸ்ரூமும் டாக்ஸும் பள்ளிக் கணக்கில் திறக்கும். நேர வரம்பும் தள வரம்பும் ஃபேமிலி லிங்க்கிலிருந்து வரும். கூகுளே இதற்கென்று வழி வைத்திருக்கிறது.

இதில் வரிசை முக்கியம். எங்கள் வீட்டில் நான் அதில்தான் சறுக்கினேன்.

புது குரோம்புக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஆவலில் என் மகள் பள்ளி மின்னஞ்சலை அடித்துவிட்டாள். குரோம்புக்கில் முதலில் நுழையும் கணக்குதான் அதன் உரிமையாளர். யார் நுழையலாம், யார் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் கணக்குக்கே போய்விடும். இதைவிட மோசமாகவும் ஆகலாம். மாணவர் கணக்கு முதலில் நுழைந்தால் இயந்திரத்தையே பள்ளிப் பெயரில் பதிவு செய் என்று சில பள்ளிகள் விதி வைத்திருக்கும். அப்படியானால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லேப்டாப் பள்ளியின் நிர்வாகத்துக்குப் போய்விடும். மீட்க வேண்டுமானால் பள்ளிக்கு எழுத வேண்டும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. பவர்வாஷ் செய்து முதலிலிருந்து தொடங்கினோம்.

சரியான வரிசை இது. முதலில் அப்பாவோ அம்மாவோ தன் சொந்த ஜிமெயிலால் நுழைய வேண்டும். அப்புறம் அமைப்புகளில் `Manage other people` என்று தேடி, அதில் விருந்தினர் நுழைவை அணைக்க வேண்டும். அதே பக்கத்தில் `Restrict sign-in to the following users` என்பதை இயக்கி, பட்டியலில் பிள்ளையின் ஜிமெயிலை மட்டும் சேர்க்க வேண்டும். பள்ளி மின்னஞ்சலை இங்கே சேர்க்கவே கூடாது. நினைவில் வையுங்கள், முழு ஏற்பாடும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. பள்ளிக் கணக்கு நுழைவுத் திரையிலேயே நேராக நுழைய முடிந்தால் ஃபேமிலி லிங்க் எங்கேயும் குறுக்கே வராது. பிள்ளை ஒன்பது மணிப் பூட்டு விழுந்ததும் வெளியே வந்து, பள்ளிக் கணக்கால் மறுபடி உள்ளே போய்விடும். "ஃபேமிலி லிங்க் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்த வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

பிறகு பிள்ளையின் கணக்கைச் சேர்க்கிறீர்கள், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், கொடுங்கள். பிள்ளை உள்ளே நுழைந்ததும் அமைப்புகளில் கணக்குகள் பகுதியில் `Add school account` இருக்கும். அதற்கும் உங்கள் கடவுச்சொல், அதன் பிறகு பள்ளிக் கடவுச்சொல். கிளாஸ்ரூமைத் திறந்து வலது மேல்மூலையில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். பள்ளிக் கணக்கு தெரிய வேண்டும். "வகுப்பே காணோம்" என்று பிள்ளை சொன்னால் பத்தில் ஒன்பது தடவை அந்த வட்டத்தில் ஜிமெயில் இருக்கும்.

இனி செலவுகள். கண்ணுக்குத் தெரியும் செலவு இன்னொரு லேப்டாப். தெரியாதவை மூன்று.

பள்ளி தன் கணக்கு இப்படி இரண்டாம் இடத்தில் உட்காருவதைத் தடுத்திருக்கலாம். அதை லேப்டாப் வாங்குவதற்கு முன்பே பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் வயிறு எரியும்.

அடுத்தது தேர்வு. கூகுள் ஃபார்ம்ஸில் ஆசிரியர் பூட்டிய முறையில் வைக்கும் தேர்வு, பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக்கில் மட்டுமே திறக்கும். அதனால் பள்ளி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, பூட்டு விழும் நேரம். ஒன்பது மணிக்கு ஃபேமிலி லிங்க் திரையை மூடும்போது கட்டுரை பாதியில் இருக்கும். எழுதியது போகாது, டாக்ஸ் சேமித்திருக்கும். ஆனால் கிளாஸ்ரூமில் ஒப்படைக்கும் பொத்தானை அழுத்த முடியாது. பெற்றோர் போனிலிருந்து கூடுதல் நேரம் கொடுக்கலாம். அந்த நேரத்தில் போனை எடுக்க யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இரவுப் பணி பார்க்கும் பெற்றோருக்கு இது நிஜமான தொல்லை. அவர்கள் பூட்டு நேரத்தை ஒப்படைக்கும் நேரத்துக்கு அரை மணி பின்னால் தள்ளி வைப்பது நல்லது.

அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கும் முறையை வைத்தீர்களானால் பள்ளி பயன்படுத்தும் ஒவ்வொரு தளத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரி. ஏழாம் வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.

## எந்த வீட்டுக்கு எது

பிரச்சினை தூக்கம் மட்டும்தான் என்றால், வழி 2-இன் நேரக் கட்டுப்பாடு போதும். தள வடிகட்டலுக்குள் போகவே வேண்டாம். அரை மணி வேலை.

பிள்ளை என்ன பார்க்கிறது, யாரோடு பேசுகிறது என்பதுதான் கவலை என்றால் வழி 1. அந்தக் கவலைக்கு வேறு எதுவும் உதவாது. பள்ளிக் கணக்குக்குள் இருக்கும் உலகத்தை ரவுட்டரோ ஃபேமிலி லிங்க்கோ பார்க்காது.

பிள்ளைக்கு லேப்டாப் எப்படியும் வாங்கப் போகிறீர்கள், வரைதல், நிரல் எழுதுதல், விளையாட்டு எல்லாம் அதில்தான் என்றால் வழி 3 மதிப்பு. பள்ளிப் படிப்புக்காக மட்டும் இரண்டாவது குரோம்புக் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. ஒரே விதிவிலக்கு: பள்ளி லேப்டாப் வகுப்பறையிலேயே தங்கிவிடும் பள்ளிகள்.

நடைமுறையில் நான் சொல்வது 1-ம் 2-இன் பாதியும். பள்ளியின் பெற்றோர் வசதி, கூடவே வைஃபையில் இரவு நேரப் பூட்டு. கேட்டவருக்கும் இதைத்தான் சொன்னேன்.

## விண்டோஸ் லேப்டாப்பானால்

கதை அதேதான், பெயர்தான் வேறு. மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி தனிப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கை மட்டுமே ஏற்கும், பள்ளிக் கணக்கை ஏற்காது. பள்ளி கொடுத்த விண்டோஸ் லேப்டாப்புக்கும் வழி 1, வழி 2 பொருந்தும். வழி 3-க்கு இணையானது, வீட்டுக் கணினியில் பிள்ளையின் தனிக் கணக்கால் நுழைந்து டீம்ஸில் மட்டும் பள்ளிக் கணக்கைச் சேர்ப்பது. அப்போது இந்தக் கணினியைப் பள்ளி நிர்வகிக்கட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் ஏற்கெனவே குறி போட்டே இருக்கலாம். பழக்கத்தில் சரி என்று அழுத்திவிடாமல் குறியை எடுத்துவிட்டு, இந்தச் செயலிக்கு மட்டும் என்ற பொருளில் உள்ள தெரிவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வருமான வரிக் கோப்புகள் இருக்கும் கணினி பள்ளியின் நிர்வாகப் பட்டியலில் சேரக்கூடும்.

குரோம் உலாவியிலும் இதே கதை உண்டு. வீட்டுக் கணினியின் குரோமில் பிள்ளை பள்ளிக் கணக்கால் நுழைந்தால், அந்த உலாவிச் சுயவிவரம் பள்ளி விதிகளுக்குள் போகிறது. பள்ளியின் வடிகட்டி நீட்சியும் அதில் வந்து உட்காரும். அதே சுயவிவரத்தில் நீங்கள் வங்கி வேலை பார்த்தால் அதையும் அது பார்க்கும். பிள்ளைக்கு என்று தனிச் சுயவிவரம் ஒன்று உருவாக்கி, அதில் மட்டும் பள்ளிக் கணக்கை வையுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் ரவுட்டரில் 9.30-க்குப் பூட்டு போட்டார். அடுத்த வாரம் வந்தபோது சொன்னார்: பையன் இப்போது ஒன்பதரைக்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுகிறானாம். பத்து மணிக்கு டிவி பார்க்க உட்கார்ந்த அவருடைய மனைவிதான், "நெட் ஏன் வரலை" என்று கத்தினாராம். பூட்டை லேப்டாப்புக்கு மட்டும் போடாமல் வீடு முழுக்கப் போட்டிருக்கிறார்.